கண்ணாடி ஃப்ரேமின் பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

பாளையங்கோட்டையில் ஒரு கண்ணாடிக்கடையில் ஃப்ரேம் பொருத்திக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு விதியோடு வருகிறார்கள். "எனக்கு வட்ட முகம், ரவுண்டு ஃப்ரேம் போடக் கூடாதாமே?" என்று கேட்பார்கள். "நீள முகத்துக்கு ஏவியேட்டர்தான் எடுக்குமாம்" என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது. பக்கத்து வீட்டு மதினி சொல்லியிருப்பார், இல்லையென்றால் போனில் ஏதாவது ஒரு படத்தில் பார்த்திருப்பார்கள்.

அந்த விதிகளில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ரவுண்டு, கேட்-ஐ, ஏவியேட்டர், பிரௌலைன் என்ற பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரியாமல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டால், பிடிக்காத ஃப்ரேமை வாங்கிக்கொண்டு போக நேரிடும். அதைவிட வருத்தம், பிடித்த ஃப்ரேமை "நமக்கு ஆகாது" என்று வைத்துவிட்டுப் போவது. இந்த இரண்டையும் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

திண்ணை வீடா, ஓட்டு வீடா?

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு வீட்டை அடையாளம் சொல்லும்போது "அந்த ஓட்டு வீடு" என்போம், "அந்தத் திண்ணை வீடு" என்போம், "அந்த மூலை வீடு" என்றும் சொல்வோம். ஓடு என்பது கூரையைப் பற்றிய பேச்சு. திண்ணை என்பது வாசலைப் பற்றியது. மூலை என்பது தெருவில் வீடு நிற்கும் இடம். ஒரே வீடு மூன்றாகவும் இருக்கலாம். "அது ஓட்டு வீடா, திண்ணை வீடா, ஒன்றைச் சொல்லு" என்று யாராவது கேட்டால், கேள்வியே சரியில்லை என்று நமக்கு உடனே தெரிந்துவிடும்.

ஃப்ரேம் பெயர்களும் அப்படித்தான். நான்கும் ஒரே கேள்விக்கு நான்கு பதில் என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. ரவுண்டு என்பது லென்ஸின் வெளிக்கோட்டைச் சொல்கிறது. கேட்-ஐ என்பது மேல் ஓரம் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதைச் சொல்கிறது. ஏவியேட்டர் என்பது கண்ணுக்குக் கீழே லென்ஸ் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் மூக்குக்கு மேலே கம்பி எப்படிப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பிரௌலைன் வடிவத்தையே சொல்வதில்லை. ஃப்ரேமில் தடிமனும் நிறமும் எங்கே குவிந்திருக்கின்றன என்பதைச் சொல்கிறது. அதனால் ஒரு ஃப்ரேம் ரவுண்டாகவும் பிரௌலைனாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். கடையில் அப்படி எத்தனையோ இருக்கின்றன.

மேலே போவதற்கு முன் மூன்று சொற்கள் தெரிந்திருந்தால் போதும். லென்ஸைச் சுற்றி நிற்கும் வளையம் ரிம். இரண்டு ரிம்மையும் மூக்குக்கு மேல் இணைக்கும் பகுதி பிரிட்ஜ். காதுக்குப் போகும் பகுதியைக் கடையில் சைடு என்போம், சிலர் கால் என்பார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: நான்கு பெயர்களும் ஃப்ரேமின் நான்கு வெவ்வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகின்றன. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாது என்று எதுவும் இல்லை.

ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது

ரவுண்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காந்தியின் கண்ணாடி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு சின்ன வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி முழு வட்டமான ஃப்ரேம்கள் கடையில் குறைவு. ரவுண்டு என்று நாங்கள் எடுத்துத் தருவதில் பெரும்பாலானவை கீழே வட்டமாகவும் மேலே கொஞ்சம் தட்டையாகவும் இருக்கும். நுங்கின் தலையைச் சீவிய பிறகு பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. இதற்குப் பாண்டோ என்று பெயர். முழு வட்டம் முகத்தில் தனியாகத் தெரியும். பாண்டோவின் தட்டையான மேல் ஓரம் புருவத்தோடு ஒட்டிப் போகும். "ரவுண்டு எனக்கு எடுக்காது" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் முழு வட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர்கள். பாண்டோவை மாட்டிவிட்டால் முகத்தில் ஒரு மாற்றம் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேட்-ஐ என்ற பெயரைத் தமிழில் பூனைக்கண் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பூனைக்கண் என்றால் நமக்கு வெளிர் நிறக் கருவிழிதான் நினைவுக்கு வரும், அதனால் குழப்பம்தான் மிஞ்சும். இங்கே பேச்சு ரிம்மின் வெளிப்பக்க மேல்மூலை பற்றியது. அந்த மூலை, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் பொட்டுப்பக்கமாக மேலே ஏறிக் கூராக முடியும். இதை 1930களில் வடிவமைத்தவர் அல்டினா ஷினாசி, நியூயார்க்கில் கடைச் சன்னல்களை அலங்கரிக்கும் வேலை பார்த்த பெண். அப்போது பெண்களுக்கு என்று இருந்த கண்ணாடிகள் அவருக்குச் சலிப்பூட்டின. ஐரோப்பிய விழாக்களில் அணியும் ஹார்லெக்வின் முகமூடியின் கண் துளையைப் பார்த்து இந்த வடிவத்தைப் பிடித்தார். முதலில் அதற்கு ஹார்லெக்வின் என்றுதான் பெயர். 1950களில் அது பெரிய மோஸ்தரானது.

ஏவியேட்டரின் வடிவம் அழகுக்காக வந்தது இல்லை. 1930களில் அமெரிக்க விமானிகளுக்காக பாஷ் அண்ட் லாம் நிறுவனம் கூச்சம் தடுக்கும் கண்ணாடிகளைச் செய்தது. அதே பத்தாண்டின் இறுதிக்குள் அவை ரே-பான் என்ற பெயரில் கடைக்கு வந்தன. விமானி தலையை நிமிர்த்தியபடியே கண்ணை மட்டும் தாழ்த்தித் தனக்கு முன்னே இருக்கும் அளவுமானிகளைப் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போதும் கண்ணுக்கு முன் லென்ஸ் இருக்க வேண்டும். அதற்காகத்தான் லென்ஸ் கன்னத்தை நோக்கித் துளி விழுகிற மாதிரி இறங்குகிறது. மூக்குப் பக்கம் குறுகி, வெளிப்பக்கம் அகன்றிருக்கும். மேலே வழக்கமான பிரிட்ஜ் ஒன்று, அதற்கும் மேலே இன்னொரு கம்பி, ஆக இரண்டு. இந்த இரட்டைக் கம்பியைப் பின்னால் மறுபடி பேசப் போகிறேன், நினைவில் வையுங்கள்.

பிரௌலைன் 1947-ல் ஷூரான் என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து வந்தது. மேலே புருவம் இருக்கும் இடத்தில் தடித்த பிளாஸ்டிக், கீழே மெல்லிய உலோக வளையம். அதாவது ஃப்ரேமே ஒரு புருவத்தைத் தருகிறது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மால்கம் எக்ஸின் படங்களில் பார்ப்பது இதைத்தான். 1980களில் ரே-பான் கிளப்மாஸ்டர் என்ற பெயரில் இதே அமைப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்றைக்குப் பல பேர் எந்தக் கம்பெனி பிரௌலைனையும் "கிளப்மாஸ்டர்" என்றே கேட்கிறார்கள். கடைக்காரருக்குப் புரிந்துவிடும், கவலையில்லை.

முகத்தில் மாட்டியதும் என்ன நடக்கிறது

பெயர்கள் தெரிந்துவிட்டன. இனி முகத்துக்கு வருவோம்.

புடவையில் கண் முதலில் எங்கே போகிறது? உடல் ஒரே நிறமாக இருந்து பார்டர் அடர்ந்த நிறத்தில் இருந்தால் பார்டருக்குத்தான் போகும். பார்டர் அகலமாக இருந்தால் உயரம் குறைந்த மாதிரி தெரியும், மெலிதாக இருந்தால் அப்படித் தெரியாது. உயரம் மாறவில்லை. பார்க்கிறவர் கண் ஒரு கோட்டில் போய் நிற்கிறது, அவ்வளவுதான். முகத்தில் ஃப்ரேம் செய்வதும் இதே வேலை. ஏற்கெனவே முகத்தில் கோடுகள் இருக்கின்றன. புருவம் ஒரு கோடு, கன்ன எலும்பு ஒரு கோடு, தாடை ஒரு கோடு. ஃப்ரேம் அவற்றோடு இன்னும் ஒன்றிரண்டு கோடுகளைச் சேர்க்கிறது. புதுக்கோடு பழைய கோட்டோடு சேர்ந்து ஓடினால் அதை அழுத்திக் காட்டும், குறுக்கே ஓடினால் அதிலிருந்து கவனத்தைத் திருப்பும்.

நான் ஒருவருக்கு ஃப்ரேம் மாட்டியதும் பார்ப்பது மூன்று இடங்களை.

முதலில் புருவம். ரிம்மின் மேல் ஓரம் புருவத்தின் மேலேயே கிடக்கலாம், அல்லது அதற்குச் சற்றுக் கீழே அதே வளைவோடு போகலாம். புருவத்துக்கு நன்றாகக் கீழே, வேறு சாய்வில் போனால்தான் தொல்லை. முகத்தில் இரண்டு புருவம் இருக்கிற மாதிரி ஆகிவிடும். பிரௌலைனில் இது பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அதன் மேல் ஓரம்தான் மிகவும் அடர்த்தியானது. அடர்ந்த நேர்ப்புருவம் உள்ள ஆள் பிரௌலைனைப் புருவத்துக்குக் கீழே இறக்கி மாட்டினால், எப்போதும் முறைத்துக்கொண்டிருக்கிற மாதிரி தெரியும். புருவம் மெல்லியதாகவோ நரைத்தோ இருப்பவர்களுக்கு அதே ஃப்ரேம் முகத்துக்கு ஒரு தெளிவைக் கொடுத்துவிடும். வயதான வாத்தியார்களுக்கு நான் மனமறிந்து எடுத்துத் தருவது இதைத்தான்.

அடுத்தது அகலம். ஃப்ரேமின் மொத்த அகலமும் பொட்டுப்பக்கத்தில் முகத்தின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஃப்ரேம் குறுகலாக இருந்தால் சைடுகள் வெளிப்பக்கம் விரிந்து, பொட்டில் பதிந்து தடம் விடும். முகமும் இருக்கிறதைவிடப் பெரியதாகத் தெரியும். அகலம் கூடிப்போனால் முகம் உள்ளே ஒடுங்கிய மாதிரி இருக்கும், குனிந்தால் ஃப்ரேம் சறுக்கும். கேட்-ஐ போடும்போது ஒரு விஷயம்: அதன் கூர்மூலை முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றால் அது முகத்தோடு ஒட்டாது, சிறகு மாதிரி தனியே நிற்கும். மூலை முகத்தின் ஓரத்தோடு முடிந்தால் கன்ன எலும்பு மேலே தூக்கினாற்போல் தெரியும். ஒரே வடிவம்தான். சில மில்லிமீட்டரில் இரண்டு விதமாகிறது.

மூன்றாவது கீழ் ஓரம். கண்ணாடி மாட்டிக்கொண்டு நன்றாகச் சிரித்துப் பாருங்கள். கன்னம் மேலே வந்து ரிம்மைத் தூக்குகிறதா? தூக்கினால் அந்த ஃப்ரேம் உங்களுக்கு ஆழம் அதிகம், அல்லது பிரிட்ஜ் கீழே உட்கார்ந்துவிட்டது. ஏவியேட்டர் கன்னத்தை நோக்கி இறங்குகிற வடிவம் என்பதால் இந்தத் தொல்லை அதில்தான் அதிகம். கண்ணாடி முன் நிற்கும்போது எல்லோரும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்வதால் இது கடையில் தெரியாது, வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். சித்திரை வைகாசி வெயிலில் கன்னத்து வேர்வை லென்ஸின் கீழ்ப்பகுதியில் படிந்து மங்கலாகிக்கொண்டே இருக்கும்.

சுருக்கமாக: பெயரைப் பார்ப்பதற்கு முன் மேல் ஓரம் புருவத்தோடு எப்படிப் போகிறது, வெளி ஓரம் முகத்தின் ஓரத்தோடு எங்கே முடிகிறது, கீழ் ஓரம் சிரிக்கும்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

"வட்ட முகம்" என்று சொல்வது எதை?

இந்தச் சொல்தான் அதிகம் தப்பாகப் புழங்குகிறது. முகம் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தாலே வட்ட முகம் என்று சொல்லிவிடுகிறார்கள். வடிவம் என்பது சதையைப் பற்றிய பேச்சு இல்லை, விகிதத்தைப் பற்றியது. தையல் டேப்பை எடுத்து, முன்நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை நுனி வரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் கன்ன எலும்பின் அகலம், தாடையின் அகலம். நீளமும் கன்ன அகலமும் நெருங்கி இருந்து, தாடை மூலை இல்லாமல் வளைந்து போனால் அது வட்டம். அதே விகிதத்தில் தாடை மூலை தெளிவாகத் தெரிந்தால் அது சதுரம். நீளம் நன்றாகக் கூடி இருந்தால் நீள்வட்டம் அல்லது நீள முகம். நெற்றி அகன்று தாடை ஒடுங்கினால் அதை இதய வடிவம் என்பார்கள். டேப் வைத்து அளந்தால், வட்டம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர்களில் பலர் நீள்வட்டமாக வந்து நிற்பார்கள்.

வட்ட முகத்துக்கு மூலை உள்ள ஃப்ரேம், சதுர முகத்துக்கு வளைந்த ஃப்ரேம் என்ற விதியின் அடியில் இருப்பது முன்னால் சொன்ன கோட்டுக் கணக்குதான். வளைவின் பக்கத்தில் வளைவை வைத்தால் வளைவு அழுத்தமாகும், மூலையை வைத்தால் குறையும். இதுவரை சரி. ஆனால் விதி ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. முகத்தின் வட்டத்தை மறைக்கத்தான் வேண்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஏன் மறைக்க வேண்டும்? அம்பேத்கர் சிலையைப் பாருங்கள். நிறைந்த முகம், வட்டக் கண்ணாடி. வளைவின் மேல் வளைவு. விதிப்படி அது தப்பு. ஆனால் அந்தக் கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை நம்மால் நினைக்கவே முடியாது. அழுத்திக் காட்டுவதும் ஒரு தேர்வுதான். மறைப்பதா காட்டுவதா என்று மாட்டிக்கொள்கிறவர் முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது, படம் போட்டு விதி சொல்கிறவரும் முடிவு செய்யக் கூடாது.

அக்கா மகளும் ஏவியேட்டரும்

போன வருஷம் காலேஜ் திறக்கும் முன்னே அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பிள்ளைக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.50 பவர். வந்ததும் வராததுமாக, "மாமா, எனக்கு ஏவியேட்டர்தான் வேணும், வேற எதுவும் காட்டாதீங்க" என்றாள். அக்கா, "அவ கேக்கதையே குடுத்துருல, வீட்டுல ஒரு வாரமா இதே பேச்சு" என்றாள்.

சரி என்று ஒன்றை எடுத்து மாட்டினேன். ஃப்ரேமின் சைடு உள்பக்கம் 58□14 என்று இருந்தது. இந்த எண்கள் பெரும்பாலான ஃப்ரேம்களில் இருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், சதுரக்குறிக்குப் பின்னால் இருப்பது பிரிட்ஜ், இரண்டும் மில்லிமீட்டரில். 135, 140 என்று ஒன்று தனியாக இருந்தால் அது சைடின் நீளம்.

மாட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. எனக்கு மூன்று விஷயம் உறுத்தியது. ஃப்ரேம் இரண்டு பக்கமும் முகத்தைத் தாண்டி நின்றது. சிரித்தால் கன்னம் ரிம்மைத் தூக்கியது. மூன்றாவது, பவர். அதைத்தான் அவளுக்கு உட்கார வைத்து விளக்கினேன்.

மைனஸ் லென்ஸ் என்பது பல வருஷம் அரைத்துத் தேய்ந்த அம்மி மாதிரி. நடு மெலிந்திருக்கும், ஓரம் போகப் போகத் தடிக்கும். அந்த மெலிந்த நடுப்புள்ளி கருவிழிக்கு நேராக நிற்க வேண்டும், இல்லையென்றால் தலைவலி வரலாம். இரண்டு கருவிழிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடையில் பி.டி. என்போம். அவளுக்கு 60 மில்லிமீட்டர். இப்போது கணக்கைப் பாருங்கள். ஃப்ரேமில் ஒரு லென்ஸின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை 58-ம் 14-ம் சேர்ந்து 72. அவள் கண்கள் 60-ல் இருக்கின்றன. மீதி 12. கண்ணுக்கு 6. அதாவது அவள் கருவிழி ஒவ்வொன்றும் லென்ஸின் நடுவில் இல்லாமல் மூக்குப் பக்கம் 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. அங்கிருந்து லென்ஸின் வெளி ஓரம் 29-ம் 6-ம் சேர்ந்து 35 மில்லிமீட்டர் தூரம்.

நடுவைவிட ஓரத்தில் கூடும் தடிமன் இந்தத் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதனால்தான் சின்ன வித்தியாசமும் பெரிதாகிறது. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் ஏறத்தாழக் கணக்கிட்டால், 35 மில்லிமீட்டர் தூரத்தில் ஓரம் எட்டரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். மெல்லிய கம்பி ரிம்மில் அது முன்னும் பின்னும் பிதுங்கிக்கொண்டு நிற்கும். இன்னொன்றும் உண்டு. மைனஸ் லென்ஸ் பின்னால் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டும். லென்ஸ் முகத்தின் ஓரத்தையும் மூடினால், எதிரே இருப்பவருக்குப் பொட்டுப்பக்கத்து முகக்கோடு லென்ஸுக்குள் உள்வாங்கி, வெட்டுப்பட்ட மாதிரி தெரியும். அகன்ற ஏவியேட்டரில் இது நன்றாகத் தெரியும். பவர் இல்லாத கூலிங்கிளாஸில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அவள் படங்களில் பார்த்த ஏவியேட்டர்கள் எல்லாம் கூலிங்கிளாஸ்.

அவள் முகம் வாடிவிட்டது. நான் கேட்டேன், "ஏவியேட்டர்ல உனக்கு எது பிடிச்சிருக்கு? தொங்குற லென்ஸா, பெருசா இருக்கதா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இந்த ரெண்டு கம்பி மாமா" என்று மூக்குக்கு மேலே விரலை வைத்துக் காட்டினாள்.

அப்படி என்றால் வழி இருக்கிறது. இரட்டைக் கம்பி ஏவியேட்டரின் ஒரு அம்சம்தான். துளி வடிவம் இல்லாமலும் அது வரும். உலோகத்தில், பாண்டோ வடிவத்தில், இரட்டைக் கம்பியோடு 48□20 அளவில் ஒன்று அலமாரியில் இருந்தது. எடுத்து மாட்டினேன். மேல் ஓரம் அவள் புருவத்துக்கு அடியில் அதே வளைவில் போனது. மேல்கம்பி இரண்டு புருவத்துக்கும் நடுவே நின்று, முகத்துக்குக் குறுக்கே ஒரு நேர்க்கோட்டைக் கொடுத்தது. அவளுக்கு உண்மையிலேயே வட்ட முகம், டேப் வைத்து அளந்து பார்த்தோம். கீழே வளைவு, மேலே நேர்க்கோடு. அவள் தேடிய தோற்றம் அந்த நேர்க்கோட்டில் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்த பெயர் ஏவியேட்டர் மட்டும்தான்.

கணக்கும் பார்த்தோம். 48-ம் 20-ம் 68. மீதி 8, கண்ணுக்கு 4. வெளி ஓரத்துக்குத் தூரம் 28. அதே சாதாரண லென்ஸில் ஓரம் ஆறு மில்லிமீட்டர் சொச்சம். 1.67 என்று எண் போட்டு வரும் மெல்லிய ரக லென்ஸில் ஐந்துக்குள் அடங்கிவிடும், விலை கூடும். அக்கா விலையைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தாள், அப்புறம் சரி என்றாள்.

பெயர் உதவாத இடம்

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தூரத்துக்கும் வாசிப்பதற்கும் ஒரே லென்ஸில், கோடு தெரியாமல் பவர் மாறுகிற லென்ஸைப் புரொகிரசிவ் என்போம். அதில் வாசிக்கும் பவர் லென்ஸின் கீழ்ப்பகுதியில் இருக்கும். கருவிழியிலிருந்து கீழ் ரிம் வரை போதிய உயரம் வேண்டும். லென்ஸைப் பொறுத்து 14 முதல் 18 மில்லிமீட்டர் வரை கேட்பார்கள். ஒடுங்கிய கேட்-ஐயில் அந்த உயரம் கிடைக்காது, வாசிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போய்விடும். கடையில் அழகாக இருந்தது, வீட்டில் பேப்பர் படிக்க முடியவில்லை என்று திரும்பி வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். ஆழமான கேட்-ஐயும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஃப்ரேமில் வரும் மாதிரி லென்ஸில், மாட்டிய நிலையில், கருவிழிக்கு நேராக மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கழற்றி ஸ்கேலால் அளந்தால் புள்ளியிலிருந்து கீழ் ஓரம் எவ்வளவு, புள்ளி மூக்குப் பக்கம் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்று இரண்டும் தெரிந்துவிடும். அந்தப் புள்ளியைப் போடாமல் புரொகிரசிவ் ஆர்டர் எடுப்பது சரியான வேலை இல்லை.

மூக்கும் பெயருக்குள் வராத விஷயம். நம் பக்கம் பலருக்கு மூக்கின் மேல்பகுதி தாழ்ந்திருக்கும். முழு பிளாஸ்டிக் ஃப்ரேமில் மூக்கில் படும் இடம் பெரும்பாலும் ஃப்ரேமோடு சேர்ந்தே இருக்கும், வளைத்து மாற்ற முடியாது. தாழ்ந்த மூக்கில் அது வழுக்கி இறங்கும், இறங்கினால் மேல் ஓரம் புருவத்தை விட்டுவிடும், கீழ் ஓரம் கன்னத்தைத் தொடும். முன்னால் பார்த்த மூன்று இடமும் ஒன்றாகக் கெட்டுப்போகும். ஏவியேட்டரிலும் பெரும்பாலான பிரௌலைனிலும் உலோகக் கம்பியில் நோஸ் பேடு இருக்கும், மூக்கில் உட்காரும் சின்னத் திண்டு. அதை வளைத்து ஃப்ரேமை ஏற்றலாம், இறக்கலாம். அதனால் ஒரு ஃப்ரேம் முகத்தில் "எடுக்கவில்லை" என்று தோன்றினால், கழற்றி வைக்கும் முன் அதை விரலால் இரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அப்போது நன்றாக இருந்தால், வடிவத்தில் குறை இல்லை, உட்காரும் உயரத்தில்தான் குறை.

அக்கா மகள் பத்து நாள் கழித்துத் தனியாக வந்தாள். காலேஜ் விட்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள், மூக்கெல்லாம் வேர்வை. "இடது பக்கம் இறங்குது மாமா" என்றாள். பார்த்தால் அவளுக்கு ஒரு காது மற்றதைவிட ஒரு நூல் தாழ்வு, பலருக்கும் அப்படித்தான் இருக்கும். சைடின் வளைவைக் கொஞ்சம் மாற்றினேன், பேடுகளைச் சற்று நெருக்கினேன். திரும்ப மாட்டியதும் இரட்டைக் கம்பி புருவங்களுக்கு நடுவே நேராக வந்து நின்றது. கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அப்புறம் நான் சொல்லாமலே நன்றாகச் சிரித்துப் பார்த்தாள். ரிம் அசையவில்லை.